மழையில் டெக்னீஷியன் வருகையைத் தள்ளிவைப்பது எப்படி? சர்வீஸ் கடையில் போன் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் சர்வீஸ் கடையில் பதினான்கு வருடமாக போன் எடுத்து, டெக்னீஷியன்களுக்கு வீடு பிரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், ஏசி, இன்வெர்ட்டர், வாட்டர் ஃபில்டர் எல்லாம் பார்க்கிறோம். ஐப்பசி பிறந்தால் என் வேலையில் பாதி, வருகையைத் தள்ளிவைப்பதுதான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மழை இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டு போன் பண்ணலாமா?

பொறுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. கஸ்டமருக்குச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடிவு எடுத்துவிட வேண்டும். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தால், மூன்று மணிக்குள் அவர்களுக்கு உங்கள் போன் போயிருக்க வேண்டும். நாலரைக்கு அவர்களே கூப்பிட்டு "என்னங்க, இன்னும் ஆளைக் காணோம்" என்று கேட்ட பிறகு நீங்கள் மழையைச் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும் சாக்கு மாதிரித்தான் கேட்கும். அதே மழையை மூன்று மணிக்கு நீங்களாகச் சொன்னால் அது தகவல்.

மதுரை மழையின் போக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் காலையில் வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரளும், மூன்று மணியிலிருந்து இரவுக்குள் இடியோடு கொட்டும். நாள் முழுக்க விடாமல் பெய்யும் அடைமழை இங்கே குறைவு. அதனால் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தால் நாலு, ஐந்து, ஆறு மணி வீடுகள் எல்லாமே சந்தேகம்தான். ஒன்றை மட்டும் தள்ளிவிட்டு மற்றதற்குக் காத்திருக்காமல், மூன்று வீட்டுக்கும் அப்போதே பேசிவிடுங்கள்.

எந்த வீட்டைத் தள்ளணும், எந்த வீட்டுக்கு ஆளை அனுப்பலாம்னு எப்படித் தெரியும்?

கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். டவுன்ஹால் ரோட்டில் தூறலாக இருக்கும், அதே நேரம் செல்லூரில் முழங்கால் தண்ணீர் ஓடும். நான் மூன்றைப் பார்ப்பேன்.

முதலில், டெக்னீஷியன் இப்போது இருக்கும் இடத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று. நம் ஊரை வைகை வடக்கு, தெற்கு என்று பிரிக்கிறது. ஆற்றைக் கடக்க வேண்டும், அல்லது ரயில் பாதைக்குக் கீழே புகுந்து போக வேண்டும் என்றால் அந்த வீடு சந்தேகப் பட்டியலில் வரும். மணி நகரம் சுரங்கப்பாதையும் கர்டர் பாலத்தின் அடியும் ஒரு நல்ல மழைக்கே நிரம்பும். தரைப்பாலங்கள் ஆற்றில் தண்ணீர் கூடினால் அடைக்கப்படும். இதெல்லாம் வழியில் இல்லாமல், ஆள் நிற்கும் பக்கமே வீடும் இருந்தால் மழை விட்டதும் போய்விடலாம்.

அடுத்து அந்தத் தெரு. கஸ்டமரிடமே கேளுங்கள்: "உங்க தெருவுல தண்ணி நிக்குதாம்மா? ரோடு கண்ணுக்குத் தெரியுதா?" ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஆளை அனுப்பக் கூடாது. கணுக்கால் ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குக் கீழே பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளமோ, மூடி இல்லாத மேன்ஹோலோ இருக்கலாம். பைக்கில் இருபது கிலோ டூல்ஸ் பையோடு வருபவருக்கு அது ஆழமான கிணறு.

மூன்றாவது, வேலை என்ன என்பது. ரோடு காய்ந்திருந்தாலும் மொட்டை மாடியில் ஏணி போட்டுப் பார்க்க வேண்டிய ஏசி அவுட்டோர் யூனிட்டை மழையில் திறக்கக் கூடாது. சமையலறையில் இருக்கும் வாட்டர் ஃபில்டருக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

கடைசி வார்த்தை டெக்னீஷியனுடையது. "வேணாம்க்கா, இங்க ஆபத்தா இருக்கு" என்று அவர் சொன்னால் மறுபேச்சே கூடாது.

போன்ல எடுத்தவுடனே என்ன சொல்றது?

"கனமழை காரணமாக தங்கள் சேவை ஒத்திவைக்கப்பட்டுள்ளது, சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று எழுதி வைத்துப் படிக்காதீர்கள். அது பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். யார் பேசுகிறோம், ஆள் இப்போது எங்கே நிற்கிறார், ஏன் வர முடியவில்லை, அடுத்து எப்போது என்ற வரிசையில் பேசினால் போதும். நான் பேசுவது இப்படி இருக்கும்:

"வணக்கம்மா, சர்வீஸ் கடையில இருந்து பேசுறேன். உங்க வாஷிங் மிஷின் பார்க்க நாலு மணிக்கு நம்ம ஆள் வர்றதா இருந்துச்சுல்ல, அவரு இப்ப கோரிப்பாளையத்துல நிக்கிறாப்ல. உங்க பக்கம் ரோட்டுல தண்ணி ஓடுது, வண்டி இறங்க முடியல. இன்னைக்கு வேணாம்மா. ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பதுல இருந்து பதினொண்ணுக்குள்ள வரலாம், இல்லைன்னா திங்கக்கிழமை அதே நேரம். உங்களுக்கு எது தோதுப்படும்?"

ஆள் நிற்கும் இடத்தைச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். கோரிப்பாளையம் என்று ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும், கிளம்பி வந்தவர்தான் வழியில் மாட்டிக்கொண்டார் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஆள் இன்னும் கடையிலேயே இருந்தால் "கடையில இருந்து கிளப்பலம்மா" என்றே சொல்லுங்கள்.

மன்னிப்பு ஒரு முறை போதும். ஐந்து முறை மன்னிப்புக் கேட்டால், தப்பு நம் மேல்தான் என்று நாமே சொல்வது போல் ஆகி, பேச்சு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மெதுவாகப் பேசுங்கள். மழைச் சத்தத்தில் அந்தப் பக்கம் கேட்காது, நீங்கள் வேகமாகப் பேசினால் அவர்களும் பதற்றமாவார்கள்.

ரெண்டு நேரம் மட்டும் ஏன் சொல்லணும்? உங்களுக்கு எப்ப வசதின்னு அவங்களையே கேட்டுட்டா நல்லதுதானே?

கேட்டுப் பார்த்திருக்கிறேன். "இன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு வாங்க" என்பார்கள். முடியாது என்று நாம் சொல்ல வேண்டும். "அப்ப நாளைக்கு அஞ்சு மணிக்கு" என்பார்கள். அதற்கும் முடியாது. ஏற்கெனவே ஒரு ஏமாற்றத்தில் இருப்பவருக்கு ஒரே போனில் மூன்று "முடியாது" சொன்னதாகிவிடும். இரண்டு நேரத்தை நாமே வைத்தால், அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் கூட அது அவர்கள் எடுத்த முடிவு.

இரண்டும் காலை நேரமாக இருக்கட்டும். மதுரையில் மறுநாள் மதியத்துக்கு மேலும் அதே மழை வரக்கூடும் என்பதால் நாலு மணியைக் கொடுப்பது அதே கிணற்றில் மறுபடி விழுவது மாதிரி. இரண்டும் வேறு வேறு நாளாகவும் இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வார நாள் காலை கஷ்டம், அதனால் ஒன்று ஞாயிறாக இருந்தால் நல்லது.

"ஒன்பது மணிக்கு" என்று ஒற்றை நேரமாகச் சொல்லாமல் "ஒன்பதுல இருந்து பதினொண்ணுக்குள்ள" என்று இரண்டு மணி நேர இடைவெளியாகச் சொல்லுங்கள். மழைக்கு மறுநாள் சுற்றுவழியில்தான் போக வேண்டியிருக்கும். "காலையில வந்துருவாப்ல" என்று மொட்டையாகச் சொல்வது அதைவிட மோசம். காலை என்றால் சிலருக்கு எட்டு மணி, சிலருக்குப் பன்னிரண்டு. பாவம், எட்டு மணிக்கே வேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நிஜமா நடந்த ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுறீங்களா?

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. மதுரைக்காரர்கள் யாரும் அந்த மதியத்தை மறக்க மாட்டார்கள். மூன்று மணியை ஒட்டிக் கொட்ட ஆரம்பித்த மழையில் பந்தல்குடி கால்வாய் பொங்கி, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த வியாழக்கிழமை 31ஆம் தேதி தீபாவளி. ஊரே பலகாரம் சுடவும் துணி துவைக்கவும் மிஷின் கேட்கும் வாரம்.

மூன்று இருபதுக்கு என் நோட்டில் அன்றைக்கு மீதி ஏழு வீடுகள். செல்லூரில் ஒரு ஃபிரிட்ஜ், ஒரு வாஷிங் மிஷின். பீபிகுளத்தில் தண்ணீர் ஒழுகும் வாஷிங் மிஷின். நரிமேட்டில் வாட்டர் ஃபில்டருக்குக் கார்ட்ரிட்ஜ் மாற்றும் வேலை. அண்ணா நகரில் தண்ணீரே வராத வாட்டர் ஃபில்டர். வில்லாபுரத்தில் ஏசி கிளீனிங். திருப்பரங்குன்றத்தில் இன்வெர்ட்டர். டெக்னீஷியன்கள் இரண்டு பேர், ஒருவர் கோரிப்பாளையத்தில், ஒருவர் பசுமலையில்.

பசுமலையில் இருந்தவருக்குத் திருப்பரங்குன்றம் அதே ரோட்டில் இருக்கிறது, ஆறும் இல்லை, சுரங்கப்பாதையும் இல்லை. மழை குறைந்ததும் அவர் போய் முடித்தார். கோரிப்பாளையத்தில் இருந்தவரை அங்கேயே ஒதுங்கி நிற்கச் சொன்னேன். மீதி ஆறு வீட்டையும் தள்ளியாக வேண்டும்.

எங்கே தள்ளுவது? சனிக்கிழமைக்கு ஏற்கெனவே பத்து வீடு எழுதியிருந்தது, ஆளுக்கு ஐந்து. ஆனால் வெள்ளத்துக்கு மறுநாள் ஒருவரால் ஐந்து வீடு பார்க்க முடியாது. சுற்றுவழி, நனைந்து நின்றுபோகும் வண்டி, வீட்டில் சேறு. அன்றைக்கு நான் ஆளுக்கு நாலு என்றுதான் கணக்கு வைப்பேன். ஆக சனிக்கிழமை எட்டு. அதிலும் ஒன்றைக் காலியாக விடுவேன், அதற்கான காரணம் கீழே வரும். கையில் ஏழு. ஞாயிறு அரை நாள் வேலை செய்ய முதலாளியும் ஆட்களும் ஒத்துக்கொண்டார்கள், அதில் நாலு. திங்களில் ஏற்கெனவே ஆறு இருந்தது, இரண்டு இடம் மிச்சம். மொத்தம் பதின்மூன்று இடம். பார்க்க வேண்டிய வீடுகளோ பதினாறு.

மூன்று வீட்டுக்கு இடமில்லை. இங்கேதான் நம் வேலை இருக்கிறது. பதினாறு பேருக்கும் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று சொல்லி மூன்று பேரைக் கடைசியில் ஏமாற்றுவதா, இல்லை யாரால் காத்திருக்க முடியும் என்று முதலிலேயே கேட்பதா? கெட்டுப்போன மிஷின் காத்திருக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் வேலை காத்திருக்கும். நோட்டில் அப்படி நாலு இருந்தது: நரிமேடு கார்ட்ரிட்ஜ், வில்லாபுரம் ஏசி கிளீனிங், சனிக்கிழமைப் பட்டியலில் இரண்டு கார்ட்ரிட்ஜ். நாலு பேரையும் கூப்பிட்டு "உங்களுது இப்ப ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அவசரமில்லைன்னா தீபாவளி கழிச்சு நவம்பர் 4 திங்கக்கிழமை காலையில வைக்கட்டுமா? செல்லூர்ப் பக்கம் மிஷின் நின்னுபோன வீடுகளுக்கு ஆள் அனுப்பணும்" என்றேன். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். ஒரு அம்மா, பண்டிகைக்கு மகள் குடும்பத்தோடு வருவதால் முடியாது என்றார். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அவருடைய சனிக்கிழமை நேரம் அப்படியே இருந்தது.

இப்போது பதின்மூன்று வீடு, பதின்மூன்று இடம். அண்ணா நகருக்குச் சனி காலை கொடுத்தேன். சனிக்கிழமைப் பட்டியலில் தெருவில் தண்ணீர் இல்லாத ஆறு வீடுகள் அதே நாளில் நின்றன. மீதி மூன்றில் இரண்டு ஞாயிறுக்கும் ஒன்று திங்களுக்கும் போனது. பீபிகுளமும் செல்லூர் ஃபிரிட்ஜும் ஞாயிறு. செல்லூர் வாஷிங் மிஷின் திங்கள்.

செல்லூர்க்காரர்கள் இருவருக்கும் சனிக்கிழமை கொடுக்காததற்குக் காரணம் உண்டு. மறுநாளே தண்ணீர் வடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்களிடம் நான் வாக்குக் கொடுத்தது வருகைக்கு முன்னால் ஒரு போனுக்கு: "சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிடுவேன். தண்ணி வடிஞ்சிருந்தா சொன்ன நாள் காலையில ஆள் வர்றது உறுதி." வடிவது நம் கையில் இல்லை, ஆறு மணிக்குக் கூப்பிடுவது நம் கையில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் வீட்டு அக்காவிடம், பாலையும் அரைத்து வைத்த மாவையும் மேல்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடச் சொன்னேன்.

காலியாக விட்ட சனிக்கிழமை இடம்? காலை பதினோரு மணிக்குத் திருநகரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கரண்ட் போய்ப் போய் வருகிறது, இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு ஃபேன் வேண்டும் என்றார். யாருடைய நேரத்தையும் பிடுங்காமல் அவருக்கு ஆளை அனுப்ப முடிந்தது.

கஸ்டமர் கத்துறாங்க. "மழைன்னா உங்க ஆளுக்கு மட்டும்தானா, நாங்க ஆபீஸ் போய்ட்டு வரலையா"ன்னு கேட்குறாங்க. என்ன சொல்ல?

முழுவதும் பேசி முடிக்க விடுங்கள். நடுவில் "சார், சார்" என்று குறுக்கே போகாதீர்கள். பெரும்பாலும் அந்தக் கோபத்துக்குள் ஒரு காரணம் இருக்கும்: இன்றைக்காக லீவு போட்டிருப்பார், அல்லது மூன்று நாளாகக் கையால் துவைக்கிறார். அந்தக் காரணம் வாயில் வந்ததும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். "லீவு போட்டீங்களா சார்? அப்ப வார நாள் வேணாம். ஞாயித்துக்கிழமை காலையில முதல் வீடா உங்களுக்கு வைக்கிறேன்." மழையை நிரூபிக்க வாதாட வேண்டாம். "எங்க பக்கம் மழையே இல்லையே" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். "உங்க தெருவுல இல்ல சார், நம்ம ஆள் வர்ற வழியில கர்டர் பாலத்துக்கு அடியில நிக்குது" என்று வழியைச் சொல்லுங்கள்.

கெட்ட வார்த்தை வந்தால் மட்டும், "சார், உங்க ஞாயித்துக்கிழமை நேரத்தை எழுதி வச்சிட்டேன், மெசேஜும் அனுப்புறேன்" என்று சொல்லி முடித்துவிடலாம். நேரத்தை எழுதி வைத்தது உண்மையாக இருக்கட்டும். கத்தியவர் என்பதற்காகப் பின்னால் தள்ளாதீர்கள்.

வீட்டுக்குள்ளயே தண்ணி வந்து மிஷின் நனைஞ்சிருச்சு, உடனே ஆள் அனுப்புங்கன்னு கேட்டா?

இங்கே நேரம் கொடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. "மிஷினைத் தொடாதீங்க, ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. மெயின் சுவிட்ச் இருக்கிற இடம் காய்ஞ்சிருந்து, நீங்க நிக்கிற தரையும் காய்ஞ்சிருந்தா மட்டும் மெயினை ஆஃப் பண்ணுங்க. தண்ணியில நின்னுக்கிட்டு சுவிட்ச் போர்டுல கை வைக்காதீங்க." மெயின் பெட்டியே தண்ணீருக்குள் இருந்தால், அல்லது தெருவில் கம்பி அறுந்து கிடந்தால், அது நம் டெக்னீஷியன் வேலை கிடையாது. மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணைக் கொடுங்கள். வீட்டில் வயதானவர்கள் மாட்டிக்கொண்டிருந்தால் மாவட்ட அவசர எண் 1077.

பிறகு, உடனே வந்தாலும் பயனில்லை என்பதற்கான காரணத்தை விளக்குங்கள். வாஷிங் மிஷினின் மோட்டார் அடியில் இருக்கிறது. ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் அதன் ஒயர்களும் பின்பக்கம் அடியில் இருக்கின்றன. முதலில் நனைவது அந்த இடம்தான். ஈரமாக இருக்கும்போது கரண்ட் கொடுத்தால், துடைத்துக் காயவைத்துப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய மோட்டாரும் போர்டும் எரிந்துபோகும். தண்ணீர் வடிந்து, கழுவித் துடைத்து, இரண்டு மூன்று நாள் காற்றாடக் காய்ந்த பிறகுதான் டெக்னீஷியனால் மீட்டர் வைத்து எது பிழைத்திருக்கிறது என்று பார்க்க முடியும். அதனால் இந்த வீட்டுக்கு மூன்றாவது, நாலாவது நாள் காலையைக் கொடுப்பதுதான் அவர்களுக்கு லாபம். இப்படிச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். "மூணு நாள் கழிச்சுத்தான் ஆள் வரும்" என்று மட்டும் சொன்னால் நிச்சயம் கோபப்படுவார்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீரில் முங்கியிருந்தால் சார்ஜில் போடவே கூடாது. அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜுக்குள்ள இன்சுலின் இருக்குன்னு சொன்னா?

அந்த வீடு வரிசையில் முன்னால் வரும். ஆனால் முன்னால் வந்தாலும் தண்ணீரில் ஆளை அனுப்ப முடியாது, அதனால் மருந்தை ஆளுக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது. கதவைத் திறக்காமல் வைத்தால் நின்றுபோன ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் போலக் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். அதற்குள் மருந்தைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் பயன்படாது. அந்த மருந்து இன்னும் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். டாக்டரையோ மருந்துக்கடையையோ கேட்கச் சொல்லுங்கள்.

வைகை அணையில தண்ணி திறக்கப் போறாங்கன்னு செய்தி வருது. நாளைக்கு விசிட்டையும் இப்பவே தள்ளிரலாமா?

எல்லாவற்றையும் தள்ள வேண்டாம். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்தால் நான் நோட்டைத் திறந்து, மறுநாள் வீடுகளில் ஆற்றைக் கடக்க வேண்டியவை எவை என்று மட்டும் குறித்து வைப்பேன். மூன்றாவது எச்சரிக்கை வந்தால், வடக்குப் பக்கம் குடியிருக்கும் டெக்னீஷியனுக்கு வடக்கு வீடுகளையும் தெற்கில் இருப்பவருக்குத் தெற்கு வீடுகளையும் மாற்றி எழுதிவிடுவேன். இதனாலேயே பாதி வருகைகளைத் தள்ள வேண்டிய தேவை போய்விடும். ஆறு மட்டும் ஓடி, மழை இல்லையென்றால் தரைப்பாலம்தான் அடைபடும், உயர்ந்த பாலங்கள் திறந்திருக்கும். ஆனால் ஊரே அந்தப் பாலங்களில்தான் போகும் என்பதால் ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை ஓரத்து வீடுகளுக்கு மட்டும் முதல் நாள் இரவே போன் பண்ணிக் கேட்டுக்கொள்வேன்.

மூணு தடவை அடிச்சும் போன் எடுக்கல. மெசேஜ் அனுப்பினா போதுமா?

வாட்ஸ்அப்பும் சாதாரண மெசேஜும் இரண்டுமே அனுப்புங்கள், மழையில் நெட் போய்விடும். சுருக்கமாக இருக்கட்டும்:

"வணக்கம். இன்று மாலை 4 மணிக்கு உங்கள் வாஷிங் மிஷின் பார்க்க வருவதாக இருந்தது. செல்லூர் ரோட்டில் தண்ணீர் ஓடுவதால் இன்று வர இயலவில்லை. ஞாயிறு காலை 9–11 அல்லது திங்கள் காலை 9–11, எது வசதி? 1 அல்லது 2 என்று அனுப்பினால் போதும். நாளை மாலை 6 மணி வரை இரண்டு நேரத்தையும் உங்களுக்காக வைத்திருப்போம்."

கடைசி வரியைப் போட்டால் அதன்படி நடக்க வேண்டும். ஆறு மணி வரை அந்த இரண்டு இடத்தையும் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆறு மணிக்கு இன்னொரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே வீட்டை ரெண்டாவது தடவையும் தள்ள வேண்டி வந்தா?

எனக்கு நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், விளாங்குடியில் ஒரு பெரியவர் வீட்டு ஃபிரிட்ஜ். முதல் முறை மழை. மறுநாள் மாலை ஐந்து மணி கொடுத்தேன், அன்றைக்கும் மழை. பேச வெட்கப்பட்டுக்கொண்டு, டெக்னீஷியனையே போன் பண்ணச் சொல்லிவிட்டேன். அவர் வண்டி ஓட்டும் அவசரத்தில் "இன்னைக்கும் இல்லண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார். பெரியவர் நேராகக் கடைக்கு வந்தார். கத்தவில்லை. "நீதான மொதல்ல பேசுன? நீயே பேசிருக்கலாம்லம்மா" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டாவது முறை தள்ள வேண்டிய போனை முதலில் பேசிய ஆளே பேச வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பேச்சு பழைய போனிலிருந்தே தொடங்கட்டும்: "ஐயா, நேத்து நான்தான் பேசுனேன். இன்னைக்கு சாயங்காலம்னு சொன்னேன், அதுவும் நடக்கல." இந்த முறை ஒரே ஒரு நேரம், காலையில் முதல் வீடு. இரண்டு முறை தள்ளியவரைப் பட்டியலில் இரண்டாவதாக வைத்தால், முதல் வீட்டில் நேரம் இழுத்து மூன்றாவது முறையும் தவறக்கூடும். நோட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு போடுவேன். யார் நோட்டை எடுத்தாலும் தெரிய வேண்டும்.

நம்ம தள்ளினதால வாரண்டி தேதி தாண்டிப் போச்சுன்னா?

கஸ்டமர் புகார் கொடுத்த தேதியையும் மழையால் தள்ளியதையும் புகார் எண்ணோடு எழுதி, அவர்களுக்கும் மெசேஜில் அனுப்பிவிடுங்கள். எங்கள் கடையில் புகார் பதிவான தேதியைத்தான் கணக்கில் எடுக்கிறோம். நாம் தள்ளிய வருகைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது, அதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும்.

டெக்னீஷியனே "பரவாயில்லக்கா, நான் போய்ட்டு வந்துர்றேன்"னு சொல்றாப்ல. விடலாமா?

ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் என்றால் அப்படித்தான் சொல்வார். தள்ளிய ஒவ்வொரு வீடும் அவருக்கு அன்றைய வருமானத்தில் குறைகிறது. அதனால் "போகாத" என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த வீடு ஞாயிறு காலை அவருடைய பெயரிலேயே எழுதியிருக்கிறது, வேறு ஆளுக்குப் போகாது என்று நோட்டைப் பார்த்துப் படித்துக் காட்டுங்கள். நான் நேரத்தோடு சொல்வேன்: "ஞாயித்துக்கிழமை ஒன்பது மணி பீபிகுளம், பத்தரைக்கு செல்லூர், ரெண்டும் உன் பேர்லதான் இருக்கு தம்பி. மழை விடுற வரைக்கும் அங்கேயே டீக்கடையில நில்லு. கிளம்பும்போது எனக்கு ஒரு போன் பண்ணு."